ஸ்டாக்கில் ஒளிந்திருந்த லாபம்: 10,000 அல்ல, 8,000

எங்கள் துணை நிறுவனம் 80,000 அடக்கமுள்ள சரக்கைத் தாய் நிறுவனத்துக்கு 1,00,000-க்கு விற்றிருந்தது. ஆண்டு முடிவில் அதில் 40% விற்காமல் கிடந்தது. தாய் நிறுவனத்தின் கணக்கில் அந்த ஸ்டாக் 40,000.

குரூப்பை ஒரே நிறுவனமாகப் பார்த்தால், சரக்கு ஒரு கிடங்கிலிருந்து இன்னொன்றுக்குப் போயிருக்கிறது, அவ்வளவுதான். வெளியாள் வாங்கும்வரை லாபம் கிடையாது. அதனால்தான் குரூப்பின் ஒருங்கிணைந்த கணக்கில், விற்காத சரக்கில் ஏற்றிய லாபத்தை இறுதி இருப்பிலிருந்து கழிக்கிறோம்.

என் கைக்கு வந்த ஷீட்டில் 10,000 கழித்திருந்தார்கள். விற்பனையாளர் அடக்கத்தின் மேல் 25% வைத்தார் என்று கேட்டு, அதையே 40,000-க்குப் போட்டிருக்கிறார்கள். அடக்கத்தின் மேல் 25% என்றால் விற்பனை விலையில் 20%தான். கழிக்க வேண்டியது 8,000.

இதைப் பிடிக்க எளிய சோதனை உண்டு: கழித்தபின் மிஞ்சுவது குரூப்புக்கு ஆன அசல் அடக்கமாக இருக்க வேண்டும். 80,000-இல் 40%, அதாவது 32,000. ஷீட்டிலோ 30,000, அடக்கத்துக்கும் கீழே!

திருத்தம்: விற்ற சரக்கின் அடக்கத்தில் 8,000 பற்று, ஸ்டாக்கில் 8,000 வரவு. விற்றது துணை நிறுவனம், அதில் எங்கள் பங்கு 75%. ஆகவே 2,000 சிறுபான்மைப் பங்குதாரர் லாபத்திலும், 6,000 எங்கள் பங்கிலும் குறைந்தது. தாய் நிறுவனம் விற்றிருந்தால் முழு 8,000-மும் எங்கள் தலையில்தான்.

இந்தப் பதிவு ஒருங்கிணைப்பு ஷீட்டில் மட்டுமே. இரு நிறுவனங்களின் தனிக் கணக்குகளைத் தொடவில்லை. எனவே அடுத்த ஆண்டு ஆரம்ப இருப்பிலும் அதே 8,000-ஐக் கழித்தாக வேண்டும். சரக்கு வெளியே விற்றதும் லாபம் அந்த ஆண்டில் வந்து சேரும்.