3, 9, 11 - வகுத்துப் பாக்காமலே வகுபடுமான்னு கண்டுபிடிக்கிறது எப்படி?

அக்கா பொண்ணு ஆறாவது படிக்கிறா, போன வாரம் ஹோம்வொர்க் பண்ணிட்டு இருக்கும்போது "மாமா, 413 மூணால வகுபடும்ல? கடைசில 3 இருக்கே"ன்னு கேட்டா. இந்தத் தப்பு நெறைய பசங்க பண்றதுதான், ஏன்னா முதல்ல சொல்லித்தர்றது 2, 5, 10 இந்த மூணுக்கும்தான், அதுக்கெல்லாம் கடைசி இலக்கத்த மட்டும் பாத்தா போதும், அதே பழக்கத்துல 3-க்கும் கடைசியப் பாக்க ஆரம்பிச்சிடுறாங்க.

413-அ 3-ஆல வகுத்தா மீதி 2 வரும், வகுபடாது. ஏன்னு அவளுக்குச் சொன்ன மாதிரியே இங்க எழுதுறேன். பென்சில், பேப்பர் இருந்தா போதும், கூட்டலும் கழித்தலும் தெரிஞ்சா போதும்.

முதல்ல ரூபா நோட்டு

உங்க கையில 572 ரூபா இருக்குன்னு வச்சுக்கோங்க. அஞ்சு நூறு ரூபா நோட்டு, ஏழு பத்து ரூபா நோட்டு, ரெண்டு ஒரு ரூபா காசு. இத 9 பேருக்குச் சமமா பிரிச்சுக் குடுக்கணும், சில்லறை மாத்திக்கலாம்.

ஒரு பத்து ரூபாய எடுங்க. ஆளுக்கு 1 ரூபா குடுத்தா 9 போச்சு, மீதி 1 ரூபா. ஒரு நூறு ரூபாய எடுங்க. ஆளுக்கு 11 ரூபா குடுத்தா 99 போச்சு, மீதி திரும்பவும் 1 ரூபா. ஆயிரமா இருந்தாலும் 999 போயி 1 தான் நிக்கும். அதாவது எந்த நோட்டா இருந்தாலும் சரி, ஒரு நோட்டுக்கு ஒரு ரூபா மிஞ்சும். அப்ப மொத்தம் எவ்வளவு மிஞ்சும்? எத்தனை நோட்டு, காசு இருக்கோ அவ்வளவு. 5 + 7 + 2 = 14.

இலக்கங்கள கூட்டுறதுன்னு ஸ்கூல்ல சொல்றது இதத்தான். அந்த 14 ரூபாய திரும்பவும் 9 பேருக்குப் பிரிச்சா ஆளுக்கு ஒண்ணு போயி 5 மிஞ்சும், அதுதான் மீதி. 63 × 9 = 567, அதோட 5 சேத்தா 572, சரியா வருதா.

3 பேருக்குப் பிரிச்சாலும் இதே கதைதான், பத்துல 9 போயி 1 நிக்கும், நூறுல 99 போயி 1 நிக்கும். அதனாலதான் 3-க்கும் 9-க்கும் ஒரே கூட்டல். 14-அ மூணா பிரிச்சா மீதி 2. 2-க்கும் 5-க்கும் கடைசி இலக்கம் மட்டும் போதும்ங்கிறதும் இங்கயே புரிஞ்சிடும்: 2 பேருக்கோ 5 பேருக்கோ பிரிச்சா பத்து ரூபா நோட்டு மிச்சமே இல்லாம போயிடும், சில்லறைக் காசு மட்டும்தான் பிரச்சனை.

கொஞ்சம் பெரிய நம்பர்

5,83,722 எடுத்துக்கலாம்.

```
5 + 8 + 3 + 7 + 2 + 2 = 27
2 + 7 = 9
```

கூட்டினது ரெண்டு இலக்கமா வந்தா அதையும் திரும்பக் கூட்டுங்க. கடைசில 9 வந்தா 9-ஆலயும் வகுபடும் 3-ஆலயும் வகுபடும். 3 இல்லன்னா 6 வந்தா 3-ஆல மட்டும். வேற எது வந்தாலும் ரெண்டும் இல்ல, ஆனா வந்த நம்பர்தான் 9-ஆல வகுத்தா வர்ற மீதி.

மனசுல போடும்போது எல்லாத்தையும் கூட்டிட்டு இருக்க வேணாம், 9 இருந்தா அடிச்சிடுங்க, ரெண்டு சேந்து 9 ஆகுற ஜோடி இருந்தா அதையும் அடிச்சிடுங்க. மேல 7-உம் ஒரு 2-உம் போச்சுன்னா மிச்சம் 5, 8, 3, 2, கூட்டினா 18, அவ்வளவுதான்.

இங்க ஒரு இடத்துல வழுக்கும். கூட்டினா 27 வருதே, அப்ப 27-ஆலயும் வகுபடுமான்னு யாராவது கண்டிப்பா கேப்பாங்க. வகுபடாது. 27 × 21,619 = 5,83,713, மீதி 9. ஏன்னா 27 பேருக்கு ஒரு பத்து ரூபாய பிரிக்கவே முடியாது, பத்தும் அப்படியே கையில நிக்கும், "நோட்டுக்கு ஒரு ரூபா"ங்கிற கணக்கு அங்க செல்லாது. 7-க்கும் அதே கதி, பத்துல 3 மிஞ்சும், நூறுல 2 மிஞ்சும், ஆயிரத்துல 6 மிஞ்சும், அதனாலதான் 7-க்கு இந்த மாதிரி சுலபமான விதி இல்ல.

இப்ப 11

அதே 572 ரூபா, இந்தத் தடவ 11 பேர். நூறு ரூபா நோட்டுல ஆளுக்கு 9 குடுத்தா 99 போயி 1 மிஞ்சும், இது பழைய கதைதான். ஆனா பத்து ரூபா நோட்டு? ஆளுக்கு 1 ரூபா குடுக்கணும்னா 11 வேணும், கையில 10 தான் இருக்கு, 1 ரூபா பத்தாது. ஆயிரத்துக்கும் இப்படியே, 1001-ன்னா 11 × 91, சரியா பிரிஞ்சிருக்கும், நம்மகிட்ட ஒண்ணு கொறையுது. (ஆயிரம் ரூபா நோட்டு 2016 நவம்பரோட போச்சு, கணக்குக்கு மட்டும் வச்சுக்குவோம்.) பத்தாயிரத்துல 9999 போயி 1 மிஞ்சும். இப்படி ஒண்ணு மிஞ்சும், அடுத்தது ஒண்ணு பத்தாது, அடுத்தது மிஞ்சும்னு மாறி மாறிப் போகும்.

அதனால 11-க்கு ஒரு இலக்கத்த கூட்டி அடுத்தத கழிக்கணும். 572-ல 2 மிஞ்சுது, 7 பத்தல, 5 மிஞ்சுது:

```
2 - 7 + 5 = 0
```

0 வந்தா வகுபடும், 52 × 11 தான் 572. 0 மட்டும் இல்ல, 11, 22, -11, -22 எது வந்தாலும் வகுபடும், ஏன்னா 22 ரூபா மிஞ்சினா அதையும் 11 பேருக்குப் பிரிச்சிடலாம்ல. நெறைய பேர் 0 வந்தாத்தான் வகுபடும்னு மனசுல வச்சிருக்காங்க, அதனால 9,18,082 மாதிரி நம்பர விட்டுடுவாங்க:

```
2 - 8 + 0 - 8 + 1 - 9 = -22
```

இது வகுபடும், 83,462 × 11. நடுவுல இருக்குற 0-வ தாண்டிப் போயிடாதீங்க, கூட்டினாலும் கழிச்சாலும் அது ஒண்ணும் பண்ணாதுதான், ஆனா அதுக்கும் ஒரு இடம் உண்டு, அத விட்டுட்டா அதுக்கு இடது பக்கம் இருக்குற எல்லாத்தோட குறியும் தலைகீழாயிடும்.

இன்னொண்ணு, வலது பக்கத்துல இருந்து ஆரம்பிங்க. வகுபடுமா இல்லையான்னு மட்டும் பாக்க எந்தப் பக்கம் ஆரம்பிச்சாலும் பரவால்ல, மீதி வேணும்னா வலதுதான். 4,190 பாருங்க. வலதுல இருந்து 0 - 9 + 1 - 4 = -12. மைனஸ் வந்தா 11 சேத்துக்கிட்டே வாங்க, -1, அப்புறம் 10. மீதி 10, ஏன்னா 380 × 11 = 4,180. இதையே இடதுல இருந்து போட்டீங்கன்னா 4 - 1 + 9 - 0 = 12, மீதி 1-ன்னு வரும், தப்பு.

மூணையும் ஒரே கூட்டல்ல முடிக்கிறது

எனக்குப் பிடிச்சது இதுதான், மைனஸ் தொல்லையே இல்ல. நூறு ரூபாய 3 பேருக்குப் பிரிச்சாலும் 9 பேருக்குப் பிரிச்சாலும் 11 பேருக்குப் பிரிச்சாலும் 99 போயி 1 மிஞ்சுதுன்னு பாத்தோம்ல? அப்ப பத்து ரூபா நோட்ட தனியா எடுக்காம, வலதுல இருந்து ரெண்டு ரெண்டு இலக்கமா வெட்டிக் கூட்டிட்டா மூணு கேள்விக்கும் ஒரே பதில்.

```
583722 :  58 + 37 + 22 = 117
117    :  1 + 17 = 18
```

18 ஒன்பதால வகுபடும், மூணாலயும் வகுபடும், 11-ஆல வகுத்தா மீதி 7. அசல் நம்பருக்கும் அதேதான். 918082-க்கு 91 + 80 + 82 = 253, அப்புறம் 2 + 53 = 55. 55 பதினொண்ணால வகுபடும், 9-ஆல வகுத்தா மீதி 1.

வெட்டும்போது கமாவப் பாக்காதீங்க. நம்ம ஊர்ல 5,83,722-ன்னு எழுதுவோம், முதல் கமா மூணு இலக்கத்துக்கு அப்புறம்தான் வரும், அத நம்பி வெட்டினா 5, 83, 722-ன்னு பிரிஞ்சு கூட்டல் வேற எங்கயோ போயிடும். கமாவ எடுத்துட்டு எழுதி, வலதுல இருந்து ரெண்டு ரெண்டா கோடு போடுங்க.

நான் இத நிஜமா எங்க யூஸ் பண்றேன்

எங்க அபார்ட்மென்ட்ல மெயின்டனன்ஸ் கணக்கு ஒரு நோட்டுல எழுதுறோம், ஒரு மாசம் நோட்டுல வந்த செலவு மொத்தத்துக்கும் பேங்க்ல இருந்து போன பணத்துக்கும் 540 ரூபா வித்தியாசம், நோட்டுல ஜாஸ்தி. முதல்ல நான் பண்ணது 5 + 4 + 0 = 9. வித்தியாசம் 9-ஆல வகுபட்டா, யாரோ ரெண்டு இலக்கத்த இடம் மாத்தி எழுதியிருக்கலாம்னு ஒரு சந்தேகம் வரணும், ஏன்னா எண்ணுக்குள்ள இலக்கத்த எப்படி மாத்திப் போட்டாலும் இலக்கக் கூட்டல் மாறாது, ரெண்டுக்கும் 9-ஆல மீதி ஒண்ணுதான், கழிச்சா 9-ஓட மடங்குதான் வரும். தேடினதுல எலக்ட்ரிசியனுக்குக் குடுத்த ஒரு ரசீதோட தொகை 1,280, நோட்டுல 1,820-ன்னு இருந்துச்சு.

ஆனா இது சந்தேகம் மட்டும்தான். 60-அ 600-ன்னு ஒரு சைபர் சேத்து எழுதினாலும் வித்தியாசம் 540 தான். எதேச்சையாவும் 9-ஓட மடங்கு வரலாம்.

ரசீதையும் நோட்டையும் பக்கத்துல வச்சு ஒவ்வொண்ணா சரிபாக்கும்போது 9 உதவாது, 1280-க்கும் 1820-க்கும் கூட்டல் 11 தான். அங்க 11-ஓட விதிதான் ஆளு: 1280-க்கு 0 - 8 + 2 - 1 = -7, அதாவது மீதி 4. மத்ததுக்கு 0 - 2 + 8 - 1 = 5. பக்கத்துப் பக்கத்துல இருக்குற ரெண்டு வேற வேற இலக்கம் இடம் மாறினா 11 கண்டிப்பா காட்டிக்குடுத்துடும். ஒண்ணு விட்டு ஒண்ணு இடம் மாறினா, உதாரணத்துக்கு 1,280-அ 1,082-ன்னு எழுதினா, 2-உம் 0-வும் ரெண்டுமே கூட்டுற பக்கத்துலயே இருக்கு, அங்க 9-உம் பிடிக்காது 11-உம் பிடிக்காது, ரசீத கண்ணால பாத்துத்தான் ஆகணும்.