டொலர் முற்பதிவை கேட்வே ஏற்க மறுத்தால்: வணிகர் கணக்கில் இயக்கப்படாத நாணயத்தைக் கண்டறிந்து சரிசெய்தல்

மே மாதத்தில் கிழக்குக் கடல் அடங்கியதும் திருகோணமலையில் திமிங்கிலம் பார்க்கும் பருவம் தொடங்கிவிடும். உப்புவெளியில் படகு வைத்திருக்கும் ஒருவருக்கு நான் வேர்ட்பிரஸிலும் வூகொமர்ஸிலும் முற்பதிவுத் தளம் ஒன்று அமைத்துக் கொடுத்திருந்தேன். கடனட்டைக் கொடுப்பனவு உள்ளூர் வங்கியொன்றின் கேட்வே வழியாக ரூபாயில் ஒரு வருடமாகத் தடையின்றி நடந்துவந்தது. வருகிறவர்களில் அநேகர் வெளிநாட்டவர் என்பதால், விலையை டொலரில் போடும்படி உரிமையாளர் கேட்டார். நானும் தளத்தின் நாணயத்தை USD என்று மாற்றி, ஓர் ஆளுக்கு 45 டொலர் என்று விலையைப் பதிந்து, சோதனைக் கணக்கில் முயன்று பார்த்துவிட்டு வெளியிட்டேன். அடுத்த நாள் காலையில் அவர் அழைத்தார்: "தம்பி, மூன்று பேர் அட்டை போட்டுப் பார்த்திட்டினம், ஒருத்தருக்கும் காசு போகேல்லை. அவையின்ர வங்கியில பிரச்சினையோ?"

பிரச்சினை அவர்களுடைய வங்கியில் இல்லை. கடையின் வணிகர் கணக்கில் டொலர் இயக்கப்பட்டிருக்கவில்லை. இதே நிலையில் முதன்முறையாக நிற்கும் ஒரு நிரலாளர் எதை, எந்த வரிசையில் பார்க்கவேண்டும் என்பதை அந்தத் தளத்தை வைத்தே கீழே விளக்குகிறேன்.

முதற்படி: மறுத்தது யார் என்று பாருங்கள்

வாடிக்கையாளரின் திரையில் தெரியும் "கொடுப்பனவு தோல்வி" என்ற வாசகத்தை வைத்து எதையும் முடிவுசெய்ய முடியாது. கேட்வே திருப்பி அனுப்பிய பதிலை முழுமையாகப் படிக்க வேண்டும். கேட்வே செருகுநிரல் பதிவு எழுதுமாறு அமைக்கப்பட்டிருந்தால், வூகொமர்ஸில் `WooCommerce > Status > Logs` என்ற பக்கத்தில் அந்தப் பதில் கிடைக்கும். எனக்குக் கிடைத்தது இந்த வடிவில் இருந்தது:

```json
{
  "error": {
    "cause": "INVALID_REQUEST",
    "field": "order.currency",
    "validationType": "INVALID"
  },
  "result": "ERROR"
}
```

புலங்களின் பெயர்கள் கேட்வேக்குக் கேட்வே மாறும். ஆனால் நீங்கள் தேடவேண்டிய வேறுபாடு எல்லாவற்றிலும் ஒன்றுதான்: அட்டை வழங்கிய வங்கி மறுத்திருந்தால், பரிவர்த்தனை ஒன்று உருவாகி அது "DECLINED" என்பதைப் போன்ற ஒரு குறியீட்டுடன் திரும்பியிருக்கும், இங்கேயோ கோரிக்கையே செல்லாது என்று வாசலிலேயே திருப்பப்பட்டிருக்கிறது, திருப்பப்பட்ட காரணமாக நாணயப் புலம் காட்டப்பட்டிருக்கிறது. அட்டை வழங்கிய வங்கிக்குச் செய்தியே போகாததால், வாடிக்கையாளருக்கு வங்கியிலிருந்து குறுஞ்செய்தி எதுவும் வந்திருக்காது. அவர் தன் வங்கியை அழைத்துக் கேட்டாலும், அப்படியொரு முயற்சி தங்களிடம் பதிவாகவில்லை என்றே சொல்வார்கள். அந்த மூவரையும் வேறு அட்டை போட்டுப் பார்க்கச் சொல்வது அவர்களை வீணாக அலைக்கழிப்பதாகும்.

இரண்டாம் படி: மூன்று நாணயங்களையும் பிரித்துப் பாருங்கள்

இந்தப் பிழையில் புதியவர்கள் தடுமாறுவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான் என்பதால், இதற்குச் சற்று நேரம் செலவிடுவது நல்லது. ஒரு கொடுப்பனவில் முதலாவதாக முற்பதிவின் நாணயம் இருக்கிறது. உங்கள் நிரல் கேட்வேக்கு அனுப்புவது இதைத்தான். இரண்டாவதாக, வாடிக்கையாளரின் அட்டைக் கணக்கு எந்த நாணயத்தில் இருக்கிறதோ அது. மூன்றாவதாக, உங்கள் வாடிக்கையாளரான வணிகரின் வங்கிக் கணக்கில் பணம் வந்துசேரும் தீர்வு நாணயம்.

ஜெர்மனியிலிருந்து வந்தவரின் அட்டை யூரோவில் இருந்தாலும் அவர் ரூபாய் முற்பதிவுக்குப் பணம் செலுத்தலாம். மாற்று விகிதத்தை அட்டை வலையமைப்பும் அவருடைய வங்கியும் பார்த்துக்கொள்ளும். ஆகவே வெளிநாட்டு அட்டைகளை ஏற்பதற்கு டொலர் கணக்கு வேண்டும் என்ற எண்ணம் சரியன்று. உரிமையாளரும் அப்படித்தான் எண்ணியிருந்தார், அவரை ஒரு வருடமாகத் தேடிவந்த வெளிநாட்டவர்கள் ரூபாயிலேயே செலுத்தியிருந்தார்கள் என்பதை வங்கிக் கூற்றுகளைக் காட்டி விளக்கவேண்டி வந்தது. கேட்வே சரிபார்ப்பது முதலாவது நாணயத்தை மட்டுமே. வணிகர் கணக்கை அடையாளங்காட்டும் அந்த வணிகர் இலக்கத்துக்கு வங்கி இயக்கிக் கொடுத்த நாணயங்களில் அது இல்லையென்றால், அட்டை எந்த நாட்டினதாக இருந்தாலும் கோரிக்கை திரும்பிவிடும்.

மூன்றாம் படி: உண்மையில் அனுப்பியது என்ன?

நாணயம் இயக்கப்படாமையும் நாணயக் குறியீட்டைத் தவறாக எழுதியமையும் சில கேட்வேக்களில் ஒரே பிழையாகவே தெரியும். குறியீடு ISO 4217 தரத்தின்படி மூன்று பெரிய எழுத்துகளில் இருக்கவேண்டும். இலங்கை ரூபாய்க்கு `LKR`, அமெரிக்க டொலருக்கு `USD`. எண் வடிவத்தைக் கேட்கும் கேட்வேக்களில் அவை முறையே 144, 840 ஆகும். `Rs`, `lkr`, அல்லது வெற்றுச்சரம் போயிருந்தால் வங்கியை அழைக்கவேண்டியதில்லை, நிரலைத் திருத்தினால் போதும். அனுப்பும் கோரிக்கையிலுள்ள நாணயத்தையும் தொகையையும் மட்டும் பதிவுசெய்து பாருங்கள். அட்டை இலக்கத்தையோ பாதுகாப்பு இலக்கத்தையோ ஒருபோதும் பதிவில் எழுதாதீர்கள்.

என்னுடைய கோரிக்கையில் `USD` என்பது சரியாகவே போயிருந்தது. அப்படியானால் சோதனையில் மட்டும் எப்படித் தேறியது? சோதனைக் கணக்கும் நேரடிக் கணக்கும் வெவ்வேறு அமைப்புகள். சோதனைக் கணக்கில் பல நாணயங்களைத் திறந்துவைத்திருப்பது வழக்கம், ஆகையால் அங்கே தேறியது நேரடிக் கணக்கைப் பற்றி எதையும் நிறுவாது. உறுதிப்படுத்துவதற்கு நேரடிக் கணக்கில் ஒரு சிறிய ரூபாய்க் கொடுப்பனவை உங்கள் சொந்த அட்டையால் செய்து பாருங்கள். அது தேறி, டொலர் மட்டும் திரும்புமானால் காரணம் உறுதியாகிவிட்டது. இயக்கப்பட்ட நாணயங்களைப் பட்டியலிடும் வசதியை உங்கள் கேட்வே தருமானால் அதைக் கேட்டறிவது இன்னும் எளிது.

நான்காம் படி: அவசரத்தில் நாணயத்தை மட்டும் மாற்றாதீர்கள்

இந்தப் படியைத் தவறவிட்டால் இழப்பு உங்கள் வாடிக்கையாளரான வணிகருக்கே. வூகொமர்ஸில் நாணயத்தை மாற்றினால் குறியீடு மாறுமே தவிர, விலைகளின் எண்கள் மாறுவதில்லை. டொலர் வேலைசெய்யவில்லை என்று கண்டவுடன் மீண்டும் LKR என்று மாற்றியிருந்தால், 45 டொலர்ப் பயணம் 45 ரூபாய்ப் பயணமாகியிருக்கும். கேட்வேயும் அதை மகிழ்ச்சியாக ஏற்றிருக்கும், ஏனென்றால் ரூபாய் இயக்கப்பட்ட நாணயம். பிழை காட்டும் கொடுப்பனவைவிட இப்படிப் பிழையில்லாமல் தேறும் கொடுப்பனவு மோசமானது.

கணக்கிட்டே மாற்றுங்கள். உரிமையாளர் ஒரு டொலருக்கு 300 ரூபாய் என்று ஒரு விகிதத்தை நிர்ணயிக்கிறார் என்று வைத்துக்கொண்டால், ஓர் ஆளுக்கு 45 × 300 = 13,500 ரூபாய், இருவருக்கு 27,000 ரூபாய். தளத்தின் நாணயம் LKR ஆகவும் விலை 13,500 ஆகவும் இருக்கட்டும். "அண்ணளவாக 45 டொலர்" என்பதை விபரிப்பில் எழுத்தாக மட்டும் காட்டுங்கள். விகிதத்தை மாற்றும் நாளில் விலையையும் சேர்த்தே மாற்றவேண்டும். முன்னரே பணம் செலுத்தியவர் கடல் கொந்தளிப்பினால் பயணத்தை இரத்துச் செய்தால், அவர் செலுத்திய அதே 27,000 ரூபாயைத்தான் மீளளிக்க வேண்டும், அன்றைய விகிதத்தில் புதிதாகக் கணக்கிடக் கூடாது.

இன்னொன்றையும் கவனியுங்கள். ஒவ்வொரு முற்பதிவும் அது உருவான நேரத்து நாணயத்தைத் தன்னுள் வைத்திருக்கும். தளத்தை ரூபாய்க்கு மாற்றிய பின்னரும், அந்த மூவருக்கும் அனுப்பப்பட்ட பழைய கொடுப்பனவு இணைப்புகள் `USD` என்றே அனுப்பி மீண்டும் திரும்பின. அந்த முற்பதிவுகளை இரத்துச் செய்து புதியவற்றை உருவாக்கிக் கொடுத்த பின்புதான் பணம் வந்தது.

ஐந்தாம் படி: நிரலில் ஒரு தடுப்பு வையுங்கள்

மேலே சொன்ன காரணத்தால், தளத்தின் நாணயத்தைச் சோதிப்பது போதாது, முற்பதிவின் நாணயத்தையே சோதிக்க வேண்டும். கேட்வே செருகுநிரலின் `process_payment` செயற்பாட்டில், கோரிக்கை அனுப்பப்படுவதற்கு முன் இதைச் சேர்க்கலாம்:

```php
$order = wc_get_order( $order_id );
$enabled = array( 'LKR' );
$currency = $order->get_currency();
if ( ! in_array( $currency, $enabled, true ) ) {
    wc_get_logger()->error( 'Currency not enabled: ' . $currency );
    wc_add_notice( 'Card payment is not available in this currency.', 'error' );
    return array( 'result' => 'failure' );
}
```

செருகுநிரல் உங்களுடையதாக இல்லாவிட்டால் அதன் கோப்பைத் திருத்தாதீர்கள், அடுத்த புதுப்பிப்பில் உங்கள் வரிகள் அழிந்துவிடும். அதற்குப் பதிலாக `woocommerce_available_payment_gateways` என்ற வடிகட்டியின் வழியாக, பொருந்தாத நாணயத்தில் அந்தக் கொடுப்பனவு முறையையே மறைத்துவிடலாம்.

ஆறாம் படி: டொலர் உண்மையிலேயே வேண்டுமானால்

இதைச் செய்யவேண்டியது வங்கி, நிரலால் முடியாது. கோரிக்கையை வணிகர் தம் பெயரில் அனுப்பவேண்டும். அதில் நேரடிக் கணக்கின் வணிகர் இலக்கம், வேண்டிய நாணயம், பிழை வந்த நாளும் நேரமும், கேட்வே தந்த பதில் ஆகியவை இருக்கட்டும். இரண்டு கேள்விகளை வெளிப்படையாகக் கேட்கச் சொல்லுங்கள். இருக்கும் இலக்கத்திலேயே டொலரை இயக்குவார்களா, தனி இலக்கம் தருவார்களா? பணம் வெளிநாட்டு நாணயக் கணக்கில் தீருமா, ரூபாயாக மாற்றித் தரப்படுமா? இயக்கியதாகச் சொன்ன பின்னரும் வீசா அட்டை தேறி வேறொரு வகை அட்டை மட்டும் அதே பிழையோடு திரும்பினால், அந்த அட்டை வகைக்கு நாணயம் சேர்க்கப்படவில்லை என்று கொள்ளலாம். அதையும் வங்கிக்கே எழுதுங்கள்.

எங்களுக்குத் தனி இலக்கம் கிடைத்தது. தனி இலக்கம் என்றால் தனிக் கடவுச்சொல்லும் உண்டு, ஆகவே முற்பதிவின் நாணயத்தைப் பார்த்து உரிய இலக்கத்தைத் தெரிவுசெய்யும்படி நிரலை மாற்றினேன். பயன்படுத்திய இலக்கத்தை ஒவ்வொரு முற்பதிவிலும் சேமித்துவைப்பதும் அவசியம், ஏனெனில் மீளளிப்பு எந்த இலக்கத்தில் பணம் வந்ததோ அதே இலக்கத்தின் வழியாகத்தான் போகமுடியும். ரூபாய் இலக்கத்தில் டொலர்ப் பரிவர்த்தனையைத் தேடினால் அது அங்கே இருக்காது. எல்லாம் முடிந்ததும் என் அட்டையால் ஒரு டொலர் செலுத்தி, அதை மீளளித்து, இரண்டும் டொலர் இலக்கத்தின் தீர்வுக் கூற்றில் வந்திருப்பதை உரிமையாளரோடு இருந்து பார்த்தேன். அதன் பின்னரே `$enabled` வரிசையில் `'USD'` என்பதைச் சேர்த்தேன்.