பார்லர் போர்டும் விலைப்பட்டியலும்: வடிவமைப்பது எப்படி?

உதாரணத்துக்கு ஒரு சிறு ஊரில், முதல் மாடியில் இருக்கும் பெண்கள் பார்லரை எடுத்துக்கொள்வோம். எதிரே 30 அடி சாலை. போர்டு 10 அடி அகலம், 3 அடி உயரம்.

முதலில் எழுத்தின் அளவு. 10 அடி தூரத்துக்கு 1 அங்குல எழுத்து என்பது போர்டு வேலையில் பொதுவான கணக்கு. எதிர்ப்பக்கம் நிற்பவருக்கு 3 அங்குலம் போதும். பைக்கில் போகிறவர்களும் படிக்க வேண்டுமே, அதனால் எந்த வரியையும் 4 அங்குலத்துக்குக் கீழே குறைக்காதீர்கள். தமிழ்நாட்டில் கடைப்பெயர் தமிழில் முதலில், பெரிதாக இருக்க வேண்டும். தமிழுக்கு 5 பங்கு என்றால் ஆங்கிலத்துக்கு 3. ஆக, தமிழ்ப் பெயர் 8 அங்குலம், ஆங்கிலப் பெயர் 4.8 அங்குலத்துக்குள்.

இரண்டாவது, என்ன எழுதுவது? மூன்று சேவைகள் போதும்: புருவம், ஃபேஷியல், ஹேர் கட். பதினைந்தையும் அடுக்கினால் ஒன்றுமே கண்ணில் படாது. 'பெண்களுக்கு மட்டும்' என்பதையும், படிக்கட்டு எந்தப் பக்கம் என்று ஓர் அம்புக்குறியையும் கட்டாயம் போடுங்கள். மாடிக் கடைக்குத் தயங்கி நிற்பவர்கள் தேடுவது இந்த இரண்டையும்தான். நடிகையின் படம் வேண்டாம். நீங்கள் அலங்காரம் செய்த மணப்பெண்ணின் படத்தை, அவரிடம் எழுத்தில் சம்மதம் வாங்கிப் போட்டால் அது உங்கள் வேலைக்கே சாட்சி.

பிரிண்ட் போடும் முன், டிசைனை போனில் ஸ்டாம்ப் அளவுக்குச் சுருக்கிப் பாருங்கள். சிவப்பின் மேல் ரோஸ் எழுத்து வைத்திருந்தால் அப்போதே மங்கிவிடும். அடர்நிறத்தில் வெள்ளை எழுத்து நன்றாகத் தெரியும். மாட்டிய பிறகு இரவு ஏழு மணிக்கு எதிர்ப்பக்கம் நின்று பாருங்கள். விளக்கு நடுவில் மட்டும் விழுந்தால் ஓரத்து எழுத்துகள் காணாமல் போகும்.

அடுத்து விலைப்பட்டியல். இதில்தான் நம்பிக்கை நிற்கும், உடையும். 'ஹேர் கலரிங் ரூ. 800 முதல்' என்று படித்து உட்கார்ந்தவரிடம் ரூ. 2,000 கேட்டால், அவர் திரும்ப வரமாட்டார். 'முதல்' என்ற சொல்லை எடுத்துவிட்டு, விலை ஏன் மாறுகிறதோ அதை எழுதுங்கள்:

தோள் வரை – ரூ. 800
முதுகின் பாதி வரை – ரூ. 1,400
இடுப்பு வரை – ரூ. 2,000

(தொகைகள் உதாரணத்துக்குத்தான்.) கீழே ஒரு வரி: 'கலர், ஹேர் வாஷ் இரண்டும் சேர்த்து. சுமார் 2 மணி நேரம்.' வேக்சிங்கிலும் இப்படியே அரைக்கை, முழுக்கை என்று பிரியுங்கள். ஃபேஷியல் என்றால் எந்த கம்பெனி கிரீம், எத்தனை நிமிடம் என்று சொல்லிவிடுங்கள்.

ஏ4 தாள், 14 பாயின்ட் எழுத்து, மேட் லேமினேஷன். பளபளப்பான லேமினேஷனில் டியூப்லைட் பட்டு விலை தெரியாது. ஒன்றைப் படிக்கட்டின் கீழே, கண் மட்டத்தில் ஒட்டுங்கள். மேலே ஏறுவதற்கு முன்பே விலை தெரிந்துவிடும். நாலைந்து பிரதிக்கு மேல் எடுக்காதீர்கள். விலை ஏறினால் பேனாவால் திருத்தாமல் புதிதாக எடுத்து, படிக்கட்டில் இருப்பதையும் அன்றே மாற்றிவிடுங்கள்.