பார்ட்டோகிராஃபில் முதல் பெருக்கல் குறியை எங்கே போடுவது?

மகப்பேறு வாய்மொழித் தேர்வில் பிரசவத்தின் முன்னேற்றத்தைக் குறிக்கும் வெற்றுப் பார்ட்டோகிராஃப் தாளும் பென்சிலும் என் கையில் கொடுத்தார்கள். "காலை 8 மணிக்கு வருகிறார், 5 செ.மீ. விரிவு, குறியுங்கள்" என்றார் தேர்வாளர். பூஜ்யம் மணி என்று அச்சிட்ட கட்டத்தில், 5 செ.மீ. உயரத்தில், தயக்கமே இல்லாமல் பெருக்கல் குறியைப் போட்டேன். அடுத்த பத்து நிமிடம் நான் சொன்ன எல்லாப் பதில்களும் ஒரு மணி நேரம் தள்ளியே இருந்தன. அன்று நான் சறுக்கிய இடத்தைத்தான் இங்கே விரிவாக எழுதுகிறேன். கருப்பை வாயைப் பரிசோதிக்கவும் சுருக்கங்களை எண்ணவும் உங்களுக்குத் தெரியும் என்று வைத்துக்கொள்கிறேன்.

பயிற்சிக்கு அச்சிட்ட தாளை நகலெடுக்காதீர்கள். வரைபடத்தாளும் அளவுகோலும் எடுத்து நீங்களே கோடு போடுங்கள். கைப்பேசிச் செயலிகள் குறியைத் தாமே சரியான இடத்தில் வைத்துவிடுகின்றன. தேர்வறையில் அந்த உதவி கிடைக்காது.

படி 1: இரண்டு கோடுகள்

நான் சொல்வது 2000-இல் உலக சுகாதார நிறுவனம் எளிமைப்படுத்திய வடிவம். பெரும்பாலும் தேர்வில் வருவது இதுதான். நெட்டச்சில் கருப்பை வாய் விரிவு, கிடையச்சில் மணிகள். பூஜ்யம் மணியில் 4 செ.மீ.யில் தொடங்கி, மணிக்கு 1 செ.மீ. வீதம் ஏறி, ஆறாம் மணியில் 10 செ.மீ.யைத் தொடுவது எச்சரிக்கைக் கோடு. அதற்கு இணையாக, 4 மணி நேரம் வலப்புறம் தள்ளி வரைவது நடவடிக்கைக் கோடு.

படி 2: முதல் குறி

கிடையச்சில் உள்ள எண்கள் அவர் மருத்துவமனைக்கு வந்து எத்தனை மணி ஆயிற்று என்பதைச் சொல்லவில்லை. 4 செ.மீ.யிலிருந்து கடந்த மணிகளையே சொல்கின்றன. 5 செ.மீ.யில் வருபவர் அந்தப் பாதையில் ஒரு மணி தூரம் ஏற்கெனவே வந்துவிட்டதாகக் கொள்கிறோம். ஆகவே முதல் பெருக்கல் குறி எப்போதும் எச்சரிக்கைக் கோட்டின் மேலேயே விழ வேண்டும். 5 செ.மீ. என்றால் அது ஒன்றாம் மணிக்குரிய கட்டம். அதன் கீழே "8 மணி" என்று எழுதுங்கள். கடிகார நேரம் குறியைத் தேடி வர வேண்டும். குறி கடிகாரத்தைத் தேடிப் போகக் கூடாது. 3 செ.மீ.யில் வந்தவருக்கு இந்தத் தாளில் இடமே இல்லை. அவர் இன்னும் மறைநிலையில் இருக்கிறார்.

படி 3: தலையின் இறக்கம்

அதே மணிக்கு நேரே வட்டம் போடுங்கள். இது வயிற்றின் மேல் கை வைத்து, இடுப்பெலும்பு விளிம்புக்கு மேலே தலையில் ஐந்தில் எத்தனை பங்கு தட்டுப்படுகிறது என்று பார்ப்பது. பெருக்கல் குறிகள் ஏற, வட்டங்கள் இறங்க வேண்டும். இதய ஒலி, சுருக்கம், தாயின் நாடி ஆகியவை அரை மணிக்கு ஒரு முறை. கருப்பை வாய் விரிவு 4 மணிக்கு ஒரு முறை. பத்து நிமிடத்தில் எத்தனை சுருக்கமோ அத்தனை கட்டங்கள்: 20 நொடிக்குக் குறைவென்றால் புள்ளிகள், 20 முதல் 40 நொடி வரை சாய்கோடுகள், அதற்கு மேல் முழுக் கறுப்பு.

படி 4: ஒருவரின் தாளைப் படிப்போம்

முதல் பிரசவம். காலை 8 மணிக்கு 5 செ.மீ., தலை ஐந்தில் நான்கு, பத்து நிமிடத்தில் மூன்று சுருக்கங்கள், ஒவ்வொன்றும் 30 நொடி. குழந்தையின் இதயத்துடிப்பு 140. பத்து மணிக்குப் பனிக்குடம் உடைந்தது, நீர் தெளிவு. நண்பகல் 12 மணிக்கு 7 செ.மீ., தலை ஐந்தில் மூன்று, சுருக்கங்கள் அப்படியே.

12 மணி என்பது தாளில் ஐந்தாம் மணி. அங்கே எச்சரிக்கைக் கோடு 9 செ.மீ.யில் நிற்கிறது, நம் குறி 7-இல். எச்சரிக்கைக் கோட்டைத் தாண்டி வலப்புறம் வந்துவிட்டார். "சிசேரியன்" என்று இங்கே வாய் தவறிச் சொல்பவர்கள் அதிகம். இது மறுமதிப்பீடு செய்ய வேண்டிய இடம். சிசேரியன் வசதி இல்லாத இடமென்றால் அனுப்பிவைக்க வேண்டிய இடம். சிறுநீர்ப்பை நிறைந்திருக்கிறதா, தலை எந்த நிலையில் இருக்கிறது, இடுப்பெலும்புக்கும் தலைக்கும் பொருத்தம் இருக்கிறதா என்று பாருங்கள். பொருத்தமின்மை இல்லை, குழந்தையும் நலம், சுருக்கங்கள் மட்டும் வலுவில்லை என்றால் ஆக்ஸிடோசின் சொட்டு.

அடுத்து 2 மணிக்குப் பரிசோதிக்கிறோம். இரண்டு விதமாக நடக்கலாம். 9 செ.மீ., தலை ஐந்தில் ஒன்று, நான்கு சுருக்கங்கள் 45 நொடி என்றால் குறைபாடு சுருக்கத்தில்தான் இருந்தது, அது சரியாகிவிட்டது. அதே வலுவான சுருக்கங்களோடு 7 செ.மீ.யிலேயே நின்று, தலை இறங்காமல், மண்டையோட்டு எலும்புகள் பிரிக்க முடியாதபடி ஒன்றன்மேல் ஒன்று ஏறியிருந்தால் அது தடைப்பட்ட பிரசவம். ஏழாம் மணி, 7 செ.மீ.: குறி மிகச் சரியாக நடவடிக்கைக் கோட்டின் மேல். ஆக்ஸிடோசினை நிறுத்திவிட்டு சிசேரியனுக்குத் தயார் செய்ய வேண்டும்.

என் தவறான தாளில் இதே 2 மணி ஆறாம் மணியாக இருந்தது. கோட்டைத் தொட இன்னும் ஒரு மணி இருக்கிறது என்று சொன்னேன். தேர்வாளர் பென்சிலை வாங்கி மேசையில் வைத்துவிட்டார்.

படி 5: பிரசவத்தின் கட்டங்களைத் தாளோடு சேர்த்துச் சொல்வது

முதல் கட்டம் உண்மையான பிரசவ வலியில் தொடங்கி முழு விரிவில் முடிகிறது. இரண்டாவது முழு விரிவிலிருந்து குழந்தை பிறக்கும் வரை. மூன்றாவது நஞ்சுக்கொடி வெளியேறும் வரை. பிறகு ஒன்றிரண்டு மணி நேரக் கண்காணிப்பை நான்காவது என்பார்கள். மனப்பாடமாக இதை எல்லோரும் சொல்வார்கள். "முதல் கட்டம் எப்போது தொடங்கியது, தாளில் காட்டுங்கள்" என்பதுதான் கண்ணி. காட்ட முடியாது. மறைநிலை இந்தத் தாளில் இல்லை. பூஜ்யம் மணி என்பது முனைப்பு நிலையின் தொடக்கம் மட்டுமே. முதல் கட்டம் முடிந்த இடத்தைக் காட்டலாம்: 10 செ.மீ.யில் விழுந்த பெருக்கல் குறி.

பின்சேர்க்கை

இறக்கத்தை உள்பரிசோதனையில் கிடைக்கும் நிலை எண்ணால் குறிக்கலாமா என்று இருவர் கேட்டிருந்தார்கள். வேண்டாம். தலை இறுகி நீளும்போதும் உச்சந்தலைத் தோல் வீங்கும்போதும் தலையின் நுனி மட்டும் விரலுக்குக் கீழே வந்துவிடும். தலை இறங்கியதாகத் தோன்றும். வயிற்றில் கை வைத்தால் அதே ஐந்தில் மூன்று இருக்கும். தடைப்பட்ட பிரசவம் தவறிப்போவது இப்படித்தான்.

இன்னொருவர், தன் மருத்துவமனைத் தாளில் எச்சரிக்கைக் கோடே இல்லை என்று எழுதியிருந்தார். அது 2020-இல் வந்த பிரசவப் பராமரிப்பு வழிகாட்டி. அதில் முனைப்பு நிலை 5 செ.மீ.யில் தொடங்கும், சாய்கோட்டுக்குப் பதிலாக ஒவ்வொரு செ.மீ.யிலும் எவ்வளவு நேரம் நிற்கலாம் என்று வரம்பு உண்டு. 5 செ.மீ.யில் 6 மணி நேரம், 7 செ.மீ.யில் 3 மணி நேரம். நம் தாய்க்கு அந்தத் தாளில் நண்பகலில் எச்சரிக்கை எழாது, 7 செ.மீ.யிலேயே நின்றால் 3 மணிக்கு எழும். பதில் சொல்லத் தொடங்கும் முன் கையில் இருப்பது எந்தத் தாள் என்று பார்த்துக்கொள்ளுங்கள்.