கூட்டுத்தொகை குறைந்தது, சராசரி ஏறியது: மழைக்கணக்கில் என் அனுபவம்

வானிலைச் சுருக்கம் ஒன்றில் ஆண்டு மழை 936.1 மி.மீ., மாதச் சராசரி 78.0 என்றிருந்தது. பன்னிரண்டு மாத அளவுகளையும் எக்செல்லில் ஒட்டிக் கூட்டினால் 897.8தான் வந்தது.

முதலில் முழுமையாக்கல் பிழை என்று நினைத்தேன். ஆனால் ஒரு தசமத்துக்கு முழுமையாக்கினால் மாதத்துக்கு 0.05 வீதம், ஆண்டுக்கு அதிகபட்சம் 0.6 மி.மீ.தான் விலகும். அடுத்து தினசரி அளவுகளைத் தோண்டியதில் இரண்டு நாள் போயிற்று.

கடைசியில் கண்ணில் பட்டது சராசரி. கூட்டுத்தொகை குறைந்திருக்க, `AVERAGE` மட்டும் 81.6 காட்டியது. 897.8ஐ 11ஆல் வகுத்தால்தான் 81.6 வரும்! `COUNT` போட்டேன், 11.

விடுபட்டது செப்டம்பரின் 38.2. அந்த எண் மட்டும் கட்டத்தில் இடப்பக்கம் ஒட்டி நின்றது. பின்னால் கண்ணுக்குத் தெரியாத இடைவெளி இருந்ததால் எக்செல் அதை எழுத்தாக எடுத்துக்கொண்டு சத்தமில்லாமல் தாண்டிவிட்டது. அது சாதாரண இடைவெளி அல்ல, `TRIM` அதை நீக்காது. இதுதான் வேலை செய்தது:

```
=VALUE(SUBSTITUTE(B10,CHAR(160),""))
```

இப்போது 936.0, சராசரி 78.0. மிச்சமுள்ள 0.1தான் உண்மையான முழுமையாக்கல் வித்தியாசம். அப்பாடா!