பூசணி விதையின் துத்தநாகம்: பாக்கெட்டில் உள்ள அளவை அப்படியே நம்பாதீர்கள்

என் தங்கை அசைவத்தை நிறுத்திய பிறகு, தினமும் மாலையில் ஒரு கைப்பிடி வறுத்த பூசணி விதை சாப்பிட ஆரம்பித்தாள். ஒரு கைப்பிடி என்பது ஏறக்குறைய 28 கிராம். அதில் சுமார் 2.2 மில்லிகிராம் துத்தநாகம் இருக்கிறது. மருந்துக்கடையில் ஜிங்க் என்று கேட்டு வாங்குகிறோமே, அதுதான். இரவில் கொண்டைக்கடலைச் சுண்டலும் சாப்பிட்டுவிட்டு, இரண்டையும் கூட்டி நிம்மதியாக இருந்தாள். விதையில் இருப்பதெல்லாம் உடலில் சேர்ந்துவிடும் என்று எண்ணியதுதான் அவள் செய்த முதல் தவறு. பலரும் செய்கிற தவறும் அதுவே.

விதை தன் முளைக்கான பாஸ்பரஸைப் பைட்டேட் என்ற வடிவத்தில் சேமித்து வைக்கிறது. ஒரு வளையத்தில் ஆறு பாஸ்பேட் தொகுதிகள் ஒட்டியிருக்கும் மூலக்கூறு அது. அந்த ஆறும் எதிர்மின்னூட்டம் கொண்டவை. நேர்மின்னூட்டமுள்ள துத்தநாகத்தைக் குடலிலேயே இறுகப் பற்றிக்கொள்கின்றன. அந்தப் பிடியை விடுவிக்கும் பைட்டேஸ் நொதி நம் சிறுகுடலில் மிகக் குறைவு. அதனால் பிடிபட்ட துத்தநாகம் மலத்தோடு போய்விடுகிறது.

ஆகவே பார்க்க வேண்டியது மில்லிகிராமை மட்டும் அல்ல. ஒரு துத்தநாக அணுவுக்கு எத்தனை பைட்டேட் மூலக்கூறுகள் என்ற விகிதத்தையும்தான். அது 15 ஐத் தாண்டினால் உறிஞ்சுதல் வெகுவாகக் குறையும். 5 முதல் 15 வரை நடுத்தரம். பூசணி விதையில் துத்தநாகம் நிறைய இருந்தாலும் பைட்டேட்டும் நிறைய இருப்பதால், விகிதம் பொதுவாக 15 ஐத் தாண்டிவிடுகிறது.

கொண்டைக்கடலையில் கணக்கிட்டுப் பார்ப்போம். 100 கிராம் காய்ந்த கடலையில் துத்தநாகம் 3 மில்லிகிராம், பைட்டேட் 600 மில்லிகிராம் என்று வைத்துக்கொள்வோம். எடையை எண்ணிக்கையாக மாற்ற, பைட்டேட்டை அதன் மூலக்கூறு எடையான 660 ஆலும், துத்தநாகத்தை அதன் அணு எடையான 65.4 ஆலும் வகுக்க வேண்டும். 600 ஐ 660 ஆல் வகுத்தால் 0.91, 3 ஐ 65.4 ஆல் வகுத்தால் 0.046. முன்னதைப் பின்னதால் வகுத்தால் விகிதம் சுமார் 20. முளைகட்டி பைட்டேட்டைப் பாதியாக்கினால் அது 10 ஆகிவிடும். துத்தநாகம் ஒரு துளியும் கூடவில்லை, ஆனால் உடலுக்குக் கிடைப்பது கூடுகிறது.

இரண்டாவது தவறு, வேகவைத்தால் பைட்டேட் போய்விடும் என்று நினைப்பது. பைட்டேட் வெப்பத்தைத் தாங்கும். குக்கரில் எத்தனை விசில் விட்டாலும் பெரும்பகுதி அப்படியே இருக்கும். வெப்பத்தில் அழிவது அதை உடைக்கும் பைட்டேஸ்தான். அதனால்தான் வறுத்த விதையை வாங்கிவந்து இரவு முழுக்க ஊறவைப்பதில் பெரிய பயன் இல்லை: வேலை செய்ய வேண்டிய நொதி வறுக்கும்போதே போய்விட்டது. முதலில் ஊறல், பிறகு முளை, கடைசியில்தான் அடுப்பு.

ஊறவைப்பதோடு நிறுத்துவதும் போதாது. ஊறவைத்த நீரில் கொஞ்சம் பைட்டேட் கரைந்து வெளியேறும். அந்த நீரைக் கொட்டிவிட வேண்டும். நொதி சுறுசுறுப்பாவது முளைவிடும்போதுதான். இரவு ஊறவைத்த கடலையை மெல்லிய துணியில் கட்டித் தொங்கவிட்டு, காலையும் மாலையும் நீர் தெளியுங்கள். மறுநாள் கடலையின் மூக்கு நுனியில் வெள்ளைப்புள்ளி தெரியும். அந்த ஆவலில் உடனே அவித்துவிடுகிறார்கள். வேர் ஒரு விரற்கடைக்குக் கொஞ்சம் குறைவாக நீளும்வரை, அதாவது ஏறத்தாழ இரண்டு நாள், பொறுங்கள். புளிப்பு வாடையோ பிசுபிசுப்போ வந்தால் மட்டும் கொட்டிவிடுங்கள். இட்லி மாவு புளிப்பதிலும் இதே உடைப்பு ஓரளவு நடக்கிறது. மாவில் அமிலம் ஏறும்போது நொதிக்கு ஏற்ற சூழல் உண்டாகிறது.

மூன்றாவது, இரும்புச்சத்துக்குச் சொன்ன அறிவுரையைத் துத்தநாகத்துக்கும் பொருத்திவிடுவது. சுண்டலில் எலுமிச்சை பிழிந்தால் இரும்பு நன்றாகச் சேரும். துத்தநாகத்துக்கு அதே அளவு உதவி கிடைக்காது. பூண்டும் வெங்காயமும் தானிய, பருப்பு வகைகளிலுள்ள துத்தநாகத்தை எளிதில் விடுவிக்கின்றன என்று மைசூரில் நடந்த ஆய்வகச் சோதனைகள் காட்டின. சுண்டல் தாளிப்பில் அவற்றைச் சேர்ப்பது எனக்குப் பிடித்த வழி.

நம் நாட்டுப் பரிந்துரை இந்தக் குறையைக் கணக்கில் கொண்டுதான் அதிகமாக இருக்கிறது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2020 இல் ஆண்களுக்கு ஒரு நாளைக்கு 17 மில்லிகிராம், பெண்களுக்கு 13.2 மில்லிகிராம் என்று வகுத்தது. அமெரிக்காவில் அது 11, 8 மட்டுமே. அந்த நாட்டுச் செயலியில் 'இலக்கு எட்டப்பட்டது' என்று காட்டினால், சைவமாகச் சாப்பிடுகிற நம் வீட்டுக்கு அது பொருந்தாது.

என் தங்கை விதையை விடவில்லை. சுண்டலுக்கு மட்டும் முளைகட்டிய கடலைக்கு மாறினாள். அதையும் பச்சையாக உண்ணாமல், கிருமி பயம் இல்லாதபடி ஆவியில் நன்றாக வேகவைக்கிறாள். பைட்டேட் ஏற்கெனவே உடைந்துவிட்டதால் அந்த வெப்பத்தால் நட்டம் ஒன்றும் இல்லை.