காலிலிருந்து புறப்பட்ட ரத்தம் இதயத்தைக் கடப்பது எப்படி? படத்தை வரிசையாகப் படிக்கும் முறை

அனாட்டமி நோட்டில் இதயப் படம் உள்ள பக்கத்தைத் திறந்தால் நான்கு அறைகளும் நான்கு வால்வுகளும் அவற்றைச் சுற்றி ரத்தக்குழாய்களின் பெயர்களுமாக நெருக்கியடித்து நிற்கும். அந்தப் பெயர்களை மேலிருந்து கீழாக மனப்பாடம் செய்தவரிடம் வைவாவில் "மூவிதழ் வால்வுக்கு அடுத்து என்ன?" என்று கேட்டால் தடுமாறிவிடுவார். பெயர்கள் தெரியும், வழி தெரியாது. அதனால் படத்தை மூடிவைத்துவிட்டு, காலிலிருந்து திரும்பி வரும் ஒரே ஒரு துளி ரத்தத்தின் பின்னால் போவோம்.

முதலில் வலது எது, இடது எது

படத்தில் 'வலது ஏட்ரியம்' என்ற மேலறை உங்கள் இடதுகைப் பக்கம் இருக்கும். இது அச்சுப்பிழை இல்லை. நம் குமரி மாவட்டத்தில் கோதையாறு இடதுகரைக் கால்வாய் என்கிறோமே, பார்ப்பவர் எந்தப் பக்கம் நிற்கிறார் என்பதை வைத்தா அந்தப் பெயர் வந்தது? ஆறு ஓடும் திசையைப் பார்த்து நின்றால் எது இடப்பக்கமோ அதுதான் இடதுகரை. எதிர்த்திசையில் திரும்பி நின்றாலும் பெயர் மாறாது. இதயத்துக்கும் அப்படித்தான்: யாருடைய நெஞ்சில் இருக்கிறதோ அவருடைய வலதுதான் வலது. குழப்பம் வந்தால் நோட்டை, படம் வெளியே தெரியும்படி, உங்கள் நெஞ்சோடு சேர்த்துப் பிடியுங்கள். படத்தின் வலது உங்கள் வலதோடு பொருந்திவிடும்.

வலது பக்கம்

காலின் சிரைகளில் ஏறி வரும் துளி, வயிற்றுக்குள் கீழ்ப்பெருஞ்சிரையில் சேர்ந்து வலது ஏட்ரியத்துக்குள் நுழைகிறது. (சில பாடநூல்களில் ஏட்ரியம் என்பதை ஆரிக்கிள் என்று போட்டிருப்பார்கள். இந்தப் படத்தைப் பொறுத்தவரை இரண்டும் ஒரே அறைதான்.) தலையிலிருந்தும் கைகளிலிருந்தும் வரும் ரத்தம் மேற்பெருஞ்சிரை வழியாக அதே அறைக்கு வருகிறது. மூன்றாவதாக ஒரு வாசலும் உண்டு. இதயத் தசையே பயன்படுத்திய ரத்தம் கரோனரி சைனஸ் வழியாக இங்கே திறக்கிறது. குறிப்பில் இதை விட்டுவிடுகிறவர்கள் அதிகம். 'வலது ஏட்ரியத்தில் திறப்பவை எவை' என்ற கேள்வியில் மதிப்பெண் போவதும் இதனால்தான்.

அடுத்தது மூவிதழ் வால்வு, அதைத் தாண்டினால் வலது வெண்ட்ரிக்கிள் என்ற கீழறை. ஏட்ரியம் சுருங்கித் தள்ளினால்தான் ரத்தம் கீழே இறங்கும் என்று நினைக்க வேண்டாம். வெண்ட்ரிக்கிள் தளர்ந்து அதன் அழுத்தம் குறைந்ததுமே வால்வு திறந்து பெரும்பகுதி தானாக இறங்கிவிடும். கடைசியில் மிச்சத்தை மட்டும் ஏட்ரியம் தள்ளுகிறது.

இப்போது வெண்ட்ரிக்கிள் சுருங்குகிறது. பின்னால் போக முயலும் ரத்தம் மூவிதழ் வால்வை மூடிவிடுகிறது. இதழ்கள் மேலே புரண்டுவிடாமல் நூல் போன்ற தசைநாண்கள் இழுத்துப் பிடிக்கின்றன. அவை வால்வைத் திறப்பதில்லை, பிடித்துக்கொள்ள மட்டுமே செய்கின்றன. முன்னால் நுரையீரல் வால்வு திறக்க, துளி நுரையீரல் தமனிக்குள் போகிறது.

பலரும் சறுக்குவது இந்த இடத்தில்தான். 'தமனி என்றால் ஆக்சிஜன் உள்ள ரத்தம்' என்று பள்ளியில் படித்தது இங்கே பொருந்தாது. இதயத்தை விட்டு வெளியே போகும் குழாய் தமனி, இதயத்துக்குள் வரும் குழாய் சிரை. இந்த ஒரே இலக்கணத்தை வைத்துக்கொண்டால் போதும். நுரையீரல் தமனியில் போகும் ரத்தத்தின் ஹீமோகுளோபின் ஓய்வு நிலையில் ஏறக்குறைய 75 சதவீதம் ஆக்சிஜன் ஏற்றியிருக்கும். திரும்பி வரும்போது அது 98 சதவீதம் அளவுக்கு உயர்ந்திருக்கும். நுரையீரல் தமனி ரத்தத்துக்குப் படத்தில் நீலம் தீட்டினாலும் உண்மையில் அது கருஞ்சிவப்புதான்.

இடது பக்கம்

வழக்கமாக நான்கு நுரையீரல் சிரைகள், நுரையீரலுக்கு இரண்டு வீதம், இடது ஏட்ரியத்தில் திறக்கும். அங்கிருந்து ஈரிதழ் வால்வு, இடது வெண்ட்ரிக்கிள், பெருந்தமனி வால்வு, பெருந்தமனி. வரிசை வலது பக்கத்தின் நகல்தான், வேறுபடுவது பலம். வலது வெண்ட்ரிக்கிள் எழுப்பும் உச்ச அழுத்தம் 25 மி.மீ. பாதரசம் அளவு. பக்கத்திலேயே இருக்கும் நுரையீரலுக்கு அது போதும். இடது வெண்ட்ரிக்கிள் உடல் முழுவதற்கும் தள்ள வேண்டியிருப்பதால் 120 வரை எழுப்புகிறது. அதன் சுவர் வலதைவிட ஏறக்குறைய மூன்று மடங்கு தடிமன்.

இதைக் கையால் தொட்டுப் பார்க்கலாம். இறைச்சிக் கடையில், கீறாத ஆட்டு இதயம் ஒன்று, மேலே குழாய்களை ஒட்ட வெட்டாமல் கேளுங்கள். கழுவி, உறைந்த ரத்தத்தை எடுத்துவிட்டு இரண்டு பக்கமும் அமுக்கிப் பாருங்கள். கெட்டியாக நின்று, கீழே கூர்முனை வரை இறங்குவது இடது. நெகிழ்ந்து கொடுப்பது வலது. கெட்டியான பக்கத்திலிருந்து எழும் தடித்த குழாயே பெருந்தமனி. அதற்குள் மெதுவாகத் தண்ணீர் ஊற்றினால், மூன்று கிண்ணங்கள் நிரம்பி ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்வது தெரியும். தண்ணீர் உள்ளே இறங்காது. அதுதான் அரைச்சந்திர வால்வு. நேராக வெண்ட்ரிக்கிளுக்குள் இறங்கினால், கத்தி வால்விலோ சுவரிலோ பட்டிருக்கலாம். கிண்ணங்களுக்குச் சற்று மேலே தெரியும் இரண்டு சிறு துளைகள் கரோனரி தமனிகளின் வாசல். அவற்றின் வழியே கொஞ்சம் கசிவது இயல்பு.

வரிசை வேறு, நேரம் வேறு

துளியைத் தொடரும்போது முதலில் வலது, பிறகு இடது என்று எழுதுகிறோம். அதைப் படித்து 'வலது சுருங்கிய பிறகு இடது சுருங்கும்' என்று எழுதிவிடக் கூடாது. ஏட்ரியங்கள் இரண்டும் ஏறக்குறைய ஒரே சமயத்தில், பிறகு வெண்ட்ரிக்கிள்கள் இரண்டும் ஏறக்குறைய ஒரே சமயத்தில் சுருங்குகின்றன. நம் துளி வலதில் இருக்கும்போது வேறொரு துளி இடதில் இருக்கிறது. ஒரு துடிப்புக்கு ஒவ்வொரு பக்கமும் சுமார் 70 மி.லி. வெளியேற்றும். வலது 70, இடது 69 என்று நிமிடத்துக்கு 72 துடிப்பு போனால், பத்தே நிமிடத்தில் 720 மி.லி. நுரையீரல் பக்கம் தேங்கிவிடும். இடது வெண்ட்ரிக்கிள் தளர்ந்தவருக்கு மூச்சு முட்டுவது ஏன் என்பதற்கு இந்தக் கணக்கிலேயே பதில் இருக்கிறது.

எழுதிய வழி சரியா?

ஒவ்வோர் அறைக்கும் வெளிவாசலில் ஒரு வால்வு. எனவே எழுதியதில் அறை, வால்வு, அறை, வால்வு என்று மாறி மாறி வர வேண்டும். இரண்டு வால்வுகள் அடுத்தடுத்து வந்தால் நடுவில் ஓர் அறையை விட்டுவிட்டீர்கள்.

இனி ஒரு கணக்கு. காலில் எலும்பு முறிந்து பல நாள் படுக்கையில் இருப்பவரின் கெண்டைக்கால் சிரையில் ரத்தம் உறைந்து, கட்டி ஒன்று பிய்ந்து கிளம்புகிறது. அது எங்கே போய் அடைக்கும்? விரலை வைத்து நகர்த்துங்கள்: கீழ்ப்பெருஞ்சிரை, வலது ஏட்ரியம், மூவிதழ் வால்வு, வலது வெண்ட்ரிக்கிள், நுரையீரல் வால்வு, நுரையீரல் தமனி. இதுவரை வழி அகலமாகவே இருக்கிறது. இதன் பிறகு குழாய் கிளை கிளையாகப் பிரிந்து சிறுத்துக்கொண்டே போகிறது. கட்டி அங்கே சிக்கும். திடீர் மூச்சுத்திணறல், நெஞ்சுவலி. மூளை, சிறுநீரகம் என்று எழுதினால் தவறு, ஏனென்றால் நுரையீரல் என்ற சல்லடையைத் தாண்டித்தான் இடது பக்கம் வர முடியும். கட்டி இடது ஏட்ரியத்திலேயே உருவானால் மட்டும் விரல் ஈரிதழ் வால்வு வழியாகப் பெருந்தமனிக்கும், அங்கிருந்து மூளைக்கும் போகும்.

இதற்கு விலக்கு ஒன்று உண்டு. கருவில் இரண்டு ஏட்ரியங்களுக்கும் நடுவே இருந்த முட்டைவடிவத் துளை, பெரியவர்களில் ஏறக்குறைய நான்கில் ஒருவருக்கு முழுதாக ஒட்டாமல் இருக்கிறது. பெரும்பாலோருக்கு அதனால் தொந்தரவு இல்லை. ஆனால் பலமாக இருமும்போதோ முக்கும்போதோ வலது பக்க அழுத்தம் ஒரு கணம் இடதை மிஞ்சினால், காலிலிருந்து வந்த கட்டி அந்த இடுக்கு வழியாக நேரே இடது ஏட்ரியத்துக்குள் நழுவிவிட முடியும்.